முகத்தை மறைத்தால் ஆள் மறைவதில்லை

புகைப்படத்தில் ஒருவரின் முகத்தை மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக உடைப்பதும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அன்றாட வழக்கமாகிவிட்டன. பாதிக்கப்பட்டவர், சாட்சி சொன்னவர், வேலை பார்க்கும் இடத்தின் குறைகளை வெளியே சொன்ன தொழிலாளி ஆகியோரின் படங்கள் இப்படித்தான் அச்சேறுகின்றன. கண், மூக்கு, வாய் தெளிவாகத் தெரியாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே இதன் அடிப்படை நம்பிக்கை. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. படத்தில் இருப்பவரை முன்பின் அறியாதவருக்கு அந்த முகம் உண்மையிலேயே மறைந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் தீங்கு வருவது அறியாதவரிடமிருந்து அல்ல. வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ள மேலாளர், சாதிக்கட்டுப்பாடு பேசும் உறவினர், பக்கத்துத் தெருக்காரர் என ஏற்கெனவே அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர்களிடமிருந்துதான்.

கட்டங்களுக்குள் மிஞ்சுவது

கணினியில் ஒரு முகம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் அடுக்கு. அகலத்தில் 160, உயரத்தில் 200 பிக்சல்கள் கொண்ட ஒரு முகத்தில் மொத்தம் 32,000 புள்ளிகள் இருக்கும். அதை 20 பிக்சல் அளவுள்ள சதுரங்களாக உடைக்கும்போது, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இருக்கும் 400 புள்ளிகளின் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, சதுரம் முழுவதையும் அந்த ஒரே நிறத்தால் மென்பொருள் நிரப்பிவிடுகிறது. இப்போது அகலத்தில் 8, உயரத்தில் 10 என 80 சதுரங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. மங்கலாக்கும் முறையும் இதைப் போன்றதே. அதில் ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகளோடு கலக்கிறது. சதுர விளிம்புகள் தோன்றுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இரண்டு முறையிலும் புருவத்தின் மயிர், கண்ணிமை, மூக்குத்தியின் கல் போன்ற நுண்விவரங்கள் அழிகின்றன. ஆனால் நெற்றி எவ்வளவு அகலம், கண்குழிகள் எங்கே இருண்டிருக்கின்றன, தாடை எப்படிக் குறுகுகிறது, தலைமயிர் எந்தக் கோட்டில் தொடங்குகிறது என்ற பரந்த அமைப்பு அந்த 80 சதுரங்களின் ஒளிக்கணக்கில் அப்படியே தங்கிவிடுகிறது. முகத்தை அடையாளம் காண மனிதர்களுக்குப் பல சமயம் இந்தப் பரந்த அமைப்பே போதும்.

1973இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மனும் பேலா யூலெஸும் இதைக் கண்ணால் காணும்படி காட்டினார்கள். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் படத்தை இருநூற்றுச் சொச்சம் சதுரங்களாக அவர்கள் உடைத்தார்கள். அருகில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். கண்ணைச் சுருக்கியோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன். காரணம் இதுதான்: கட்டங்களின் கூர்மையான விளிம்புகள் மூல முகத்தில் இல்லாதவை. அவையே கண்ணைக் குழப்புகின்றன. கண்ணைச் சுருக்கும்போது விளிம்புகள் கரைந்து, அடியில் கிடக்கும் முகம் மேலே வருகிறது. கட்டமாக்கிய படத்தைச் சற்றே மங்கலாக்கினாலோ, கைப்பேசித் திரையில் சிறிதாக்கிப் பார்த்தாலோ இதே விளைவு கிடைக்கும்.

பழகிய கண்ணின் பலம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மனிதப் பார்வையை ஆராயும் பவன் சின்ஹாவும் அவருடைய சகா ஆண்ட்ரூ யிப்பும், நன்கு அறிந்த முகங்களை எவ்வளவு மங்கலாக்கினால் அடையாளம் தெரியாமல் போகும் என்று அளந்தார்கள். 2002இல் வெளியான அந்த முடிவின்படி, அகலத்தில் 7, உயரத்தில் 10 பிக்சல் அளவுக்கு விவரம் குறைந்த படங்களிலும், அறிமுகமான முகங்களில் பாதிக்கு மேல் மக்கள் சரியாகச் சொன்னார்கள். 19க்கு 27 என்ற அளவை எட்டியபோது அதற்கு மேல் தெளிவு கூடியும் பெரிய பயன் இல்லை. மேலே கண்ட 8க்கு 10 கட்டப் படத்தில் இருக்கும் விவரம் இந்தக் கீழ் எல்லையைவிட ஒரு படி அதிகம்.

அறியாத முகம் என்றால் நிலைமை தலைகீழ். கண்காணிப்புக் கேமராவின் மோசமான காட்சிகளைக் காட்டி 1999இல் பிரிட்டனில் நடந்த சோதனையில், படத்தில் இருந்த பேராசிரியர்களிடம் படித்த மாணவர்கள் அவர்களை மிக நன்றாக அடையாளம் கண்டார்கள். அவர்களைத் தெரியாதவர்களோ மிகவும் தடுமாறினார்கள். இவ்வகைக் காட்சிகளைப் பார்த்துப் பழகிய போலீஸாரும் அந்தத் தடுமாற்றத்துக்கு விலக்கல்ல.

இதிலிருந்து ஆசிரியர் குழு மேசையில் நேரும் தவறு புரியும். முகத்தை மறைத்த பிறகு அது போதுமா என்று பார்ப்பவர் பக்க வடிவமைப்பாளர் அல்லது துணை ஆசிரியர். அவர் படத்தில் இருப்பவரை நேரில் பார்த்ததே இல்லை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது எதையும் நிரூபிப்பதில்லை; அவருக்கு மூலப் படத்தைக் காட்டினாலும் அது யாரென்று தெரியாதுதானே.

காணொளியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. கரேன் லேண்டர், விக்கி புரூஸ், ஹேரி ஹில் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, கட்டமாக்கிய, மங்கலாக்கிய பிரபலமான முகங்களை நிற்கும் படத்தைவிட அசையும் படத்தில் மக்கள் எளிதாக அறிந்துகொண்டதைக் காட்டியது. தலையை ஆட்டும் விதம், பேசும்போது தாடை அசையும் தாளம் ஆகியவையும் ஒருவரின் அடையாளங்களே. தவிர, முகம் நகர நகர ஒவ்வொரு நொடியும் கட்டங்கள் முகத்தின் வேறு வேறு பகுதிகளின் மேல் விழுகின்றன. ஒரு படத்தில் ஒரே சதுரத்துக்குள் கலந்துபோன விவரம் அடுத்த படத்தில் இரண்டு சதுரங்களாகப் பிரிந்து நிற்கிறது. பல படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் தனிப்படத்தில் இல்லாத தெளிவு கிடைக்கும்.

கணினி முகத்தை மீட்பதில்லை, ஒப்பிடுகிறது

சராசரி எடுத்த பிறகு 400 புள்ளிகளைத் திரும்பப் பெற முடியாது. 60, 100 ஆகிய இரண்டு எண்களின் சராசரியும் 80. 70, 90 இரண்டின் சராசரியும் 80. எண்பதை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்களைச் சொல்ல வழியில்லை. கட்டத்துக்குப் பின்னால் இருந்த உண்மையான முகத்தை ஒரு பொத்தானை அழுத்தி வரவழைப்பதாகத் திரைப்படங்கள் காட்டுவது நடவாத காரியம். 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு நிரல், கட்டமாக்கப்பட்ட பராக் ஒபாமாவின் படத்தைத் தெளிவாக்கும்படி கேட்டபோது வெள்ளைக்காரர் ஒருவரின் முகத்தைத் தந்தது. அத்தகைய நிரல்கள் மூல முகத்தை மீட்பதில்லை. கட்டங்களோடு பொருந்தக்கூடிய வேறொரு முகத்தைப் புனைகின்றன. அப்படிப் புனைந்த முகத்தை நம்பினால் சம்பந்தமே இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

ஆனால் அடையாளம் காண மீட்பு தேவையே இல்லை. சந்தேகத்துக்குரிய சிலரின் தெளிவான படங்கள் கையில் இருந்தால், அவற்றையும் அதே அளவில் கட்டமாக்கி ஒப்பிட்டாலே போதும். எளிமைக்காக வெளியான படத்தில் நான்கு சதுரங்கள் மட்டுமே இருப்பதாகவும், அவற்றின் ஒளி அளவு 92, 140, 131, 78 என்றும் கொள்ளலாம். முதல் நபரின் படத்தைக் கட்டமாக்கினால் 95, 138, 133, 80 வருகிறது. இரண்டாமவருக்கு 120, 118, 125, 101. வெளியான படத்தோடு முதல் நபரின் வேறுபாடுகளைக் கூட்டினால் 9. இரண்டாமவருடையதைக் கூட்டினால் 79. முகம் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எது யாருடைய படம் என்பது தெரிந்துவிட்டது. நடைமுறையில் வெளிச்சமும் தலையின் சாய்வும் மாறுவதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் நான்குக்குப் பதில் 80 சதுரங்களும், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களும் இருக்கும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் கார்னெல் டெக்கையும் சேர்ந்த ரிச்சர்ட் மெக்பெர்சன், ரேசா ஷோக்ரி, விட்டாலி ஷ்மாட்டிகோவ் ஆகியோர் 2016இல் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 530 பிரபலங்களின் படங்களை மறைத்து, அந்த மறைத்த படங்களைக் கொண்டே ஒரு கணினி நிரலுக்குப் பயிற்சி அளித்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 530இல் ஒரு முறைதான் சரியாக இருக்கும். யூடியூப் தரும் மங்கலாக்கும் வசதியால் மறைத்த முகங்களில் பாதிக்கு மேல் அந்த நிரல் சரியாகச் சொன்னது. இதற்கும் எல்லை உண்டு: தேடப்படுபவரின் படங்கள் முன்பே நிரலிடம் இருக்க வேண்டும். உலகில் உள்ள எவரையும் அது கண்டுபிடித்துவிடாது. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் அட்டைப் படங்களோ ஒரு பள்ளியின் மாணவர் பதிவேடோ கையில் இருப்பவருக்கு அந்த எல்லை தடையே இல்லை.

அட்டையில் உள்ள எண்ணைக் கட்டமாக்குவது முகத்தைக் கட்டமாக்குவதைவிடவும் ஆபத்தானது. முகங்கள் கோடிக்கணக்கில் உண்டு, இலக்கங்கள் பத்தே. அச்செழுத்தின் வடிவமும் தெரிந்துவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை வைத்துக் கட்டமாக்கிப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பது சில நிமிட வேலை.

சில மறைப்புகளை அப்படியே திருப்பிவிடவும் முடியும். முகத்தைச் சுழிபோல் முறுக்கும் வசதி புள்ளிகளைச் சராசரி ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. எதிர்த்திசையில் முறுக்கினால் அவை ஏறத்தாழத் தம் இடத்துக்குத் திரும்பும். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றப் படங்களில் தன் முகத்தை இப்படி முறுக்கி மறைத்திருந்த கனடாக்காரர் கிறிஸ்டோபர் பால் நீலின் முகத்தை ஜெர்மனியின் கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வுத் துறை நேராக்கியது. 2007 அக்டோபர் 8இல் இன்டர்போல் அதைப் பொதுமக்களிடம் வெளியிட்டது. பதினோரு நாளில், அக்டோபர் 19இல், அவர் தாய்லாந்தில் கைதானார். அங்கே மறைப்பு தோற்றது நன்மையாயிற்று. அதே வசதியால் பாதிக்கப்பட்டவரை மறைத்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

முகத்துக்கு வெளியே இருக்கும் முகவரி

முகத்தை முற்றாகக் கறுப்பால் நிரப்பினாலும் படத்தின் மற்ற பகுதிகள் பேசிக்கொண்டிருக்கும். வேலூருக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் விரிஞ்சிபுரத்தில் எடுக்கக்கூடிய இரண்டு படங்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

முதலாவது, கார்த்திகை கடைஞாயிறு. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் சிம்மக் குளத்தில் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அன்று நள்ளிரவில் நீராடி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்து உறங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அந்தக் காட்சி ஆண்டுதோறும் செய்திப்படமாகிறது. அதில் ஒரு பெண்ணின் முகத்தை மங்கலாக்குவதாக வைத்துக்கொள்வோம். சிம்மக் குளத்தின் சிங்க உருவமும், ஊரின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் உயர்ந்த மதிலும் இடத்தைச் சொல்லிவிடும். இடம் தெரிந்தால் நாளும் தெரிந்துவிடும்; நீராடல் ஆண்டில் ஒரே இரவு. அந்த இரவில் தெருவிலிருந்து யார் போனார்கள் என்பது உறவினர்களுக்குத் தெரியும். புடவையின் கரை, வளையல், அருகில் அமர்ந்திருக்கும் மாமியாரின் மறைக்கப்படாத முகம் ஆகியவை மிச்சத்தை முடித்துவைக்கும். பிள்ளையில்லாக் குறையை ஊரறியச் சொல்ல விரும்பாத பெண்ணுக்கு மங்கலான முகம் தரும் பாதுகாப்பு அநேகமாக ஏதுமில்லை.

இரண்டாவது, ஷூ கம்பெனி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் ஆலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண் ஒருவர், கூடுதல் நேர வேலைக்குக் கூலி தரவில்லை என்று ஒரு செய்தியாளரிடம் சொல்கிறார் என்றும், முகத்தைக் கட்டமாக்கி அவர் படம் வெளியாகிறது என்றும் கொள்வோம். கம்பெனியில் 900 பேர் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், தையல் எந்திரத்தின் அருகில் நிற்பதே அவரைத் தையல் பிரிவின் 400 பேருக்குள் கொண்டுவந்துவிடும். மேலங்கியின் நிறம் எந்த லைன் என்று காட்டினால் 60 பேர் மிஞ்சுவார்கள். செய்தியில் 'விரிஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர்' என்ற ஒரு சொல் இருந்தால், அந்த ஊர் வழியாக வரும் கம்பெனிப் பேருந்தில் ஏறும் அதே லைன் பெண்கள் ஐந்து பேர் இருக்கலாம். 'இரண்டு குழந்தைகளின் தாய், நாற்பது வயது' என்று செய்தியாளர் பரிவோடு சேர்க்கும் வரி அந்த ஐவரை ஒருவராக்கிவிடும். சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை.

இந்த எண்கள் கற்பனை. குறையும் விதம் கற்பனையல்ல. ஒவ்வொரு விவரமும் தனித்து நோக்கினால் பலருக்குப் பொருந்தும், தீங்கற்றது. எல்லாம் ஒரே ஆளில் சேரும்போதுதான் அடையாளமாகிறது. எனவே படத்தை மட்டும் சோதித்துப் பயனில்லை. படம், படக்குறிப்பு, செய்தியின் வரிகள் மூன்றையும் சேர்த்து, அவை கூட்டாக எத்தனை பேரை மிச்சம் வைக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினியாலும் இந்த வேலையைச் செய்ய முடியும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2016இல் வெளியிட்ட ஆய்வில், தலை மறைக்கப்பட்ட படங்களில்கூட உடல்வாகு, உடை, சூழல் ஆகியவற்றைக் கொண்டு ஆளை நிரலால் ஊகிக்க முடிந்தது. ஒரே நாளில் ஒரே உடையில் எடுத்த மறைக்காத படம் ஒன்று வேறெங்கோ கிடைத்துவிட்டால் ஊகம் மேலும் வலுவாகிறது. திருமணம், திருவிழா, போராட்டம் போன்ற இடங்களில் எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதால் அப்படி ஒரு படம் கிடைப்பது அரிதல்ல.

கோப்புக்குள் ஒளிந்திருப்பவை

திரையில் தெரியும் படம் கோப்பின் ஒரு பகுதிதான். கேமராவும் கைப்பேசியும் எடுத்த நேரத்தையும், வசதி திறந்திருந்தால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கோப்பிலேயே எழுதிவைக்கின்றன. சில மென்பொருள்கள் படத்தை மாற்றிய பிறகும், மாற்றத்துக்கு முந்தைய சிறு முன்னோட்டப் படத்தை உள்ளேயே விட்டுவிடுகின்றன. 2023 மார்ச்சில் வெளிப்பட்ட ஒரு குறை இதைவிடக் கடுமையானது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் திருத்தும் வசதியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், புதிய சிறிய கோப்பு பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டு, பழையதன் வால்பகுதி அழியாமல் கிடந்தது. அதிலிருந்து வெட்டியெறிந்த பகுதியை மீட்க முடிந்தது. குறை பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் பகிரப்பட்ட படங்களுக்கு அது உதவாது.

சட்டம் கேட்பது முகத்தை மட்டுமல்ல

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் பல ஊடக நடைமுறைகளைவிட முன்னே நிற்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம் ஆகியவற்றோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறெந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. சட்டத்தோடு முரண்படும் சிறார்களுக்கும் பராமரிப்பு தேவைப்படும் சிறார்களுக்கும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் இதே வகைப் பாதுகாப்பைத் தருகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228அ பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம், மிகத் தொலைவான வகையில்கூட அடையாளத்துக்கு இட்டுச்செல்லும் எதையும் வெளியிடக் கூடாது என்று தெளிவாக்கியது.

இந்த அளவுகோலின்படி, முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தனியார் பள்ளிச் சீருடையையும் கழுத்துப் பட்டையையும் தெளிவாகக் காட்டும் படம் சட்டத்தை நிறைவேற்றியதாகாது. பெற்றோரைப் பேட்டி எடுத்து அவர்கள் முகத்தை மறைக்காமல் விடுவதும், வீட்டு வாசலைக் காட்டுவதும் அப்படியே. ஷூ கம்பெனித் தொழிலாளியைப் போன்ற மற்றவர்களுக்கு இத்தகைய தனிப் பிரிவு இல்லை. அவருக்கு இருப்பது பெயரை வெளியிடமாட்டோம் என்று செய்தியாளர் தந்த வாக்கு மட்டுமே.

மறைக்க வேண்டுமானால்

மறைப்பது படம் எடுக்கும்போதே தொடங்க வேண்டும். கேமராவில் பதியாத முகத்தை யாராலும் மீட்க முடியாது. முதுகுப்புறம், தையல் எந்திரத்தின் ஊசி, தோல் துண்டுகளின் அடுக்கு போன்றவற்றை எடுக்கலாம். கைகளை எடுத்தால் மோதிரமும் பச்சைகுத்தலும் தழும்பும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னால் வெளிச்சம் வைத்து நிழலுருவமாக எடுக்கும் முறை பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் இருட்டாகத் தெரியும் பகுதியில் விவரம் பதிந்திருந்தால், ஒளியைக் கூட்டியதும் முகம் வெளிப்பட்டுவிடும். எனவே வெளியிடும் முன் ஒளியைக் கூட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

எடுத்த படத்தை மறைத்தே ஆக வேண்டுமென்றால், மங்கலாக்காமல் ஒரே நிறத்தால் முழுவதும் நிரப்புவதே சரி. முகத்தோடு காது, கழுத்து, தலைமயிரின் எல்லை, அடையாள அட்டை ஆகியவற்றையும் அது மூட வேண்டும். நிரப்பிய பட்டை தனி அடுக்காக நிற்காமல் படத்தோடு ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும்; பி.டி.எஃப். கோப்பில் கறுப்புப் பட்டையை நகர்த்தினால் அடியில் எல்லாம் தெரிந்துபோன சங்கடங்கள் பல இடங்களில் நேர்ந்திருக்கின்றன. பிறகு மறைத்த படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டாமல் அதையே புதிய கோப்பாகப் பயன்படுத்தினால், மூலக் கோப்பில் இருந்த இடக்குறிப்பும் முன்னோட்டப் படமும் கூடவே போவதைத் தவிர்க்கலாம்.

கடைசிச் சோதனையை ஆசிரியர் குழுவால் செய்ய முடியாது. படத்தையும் அதனுடன் வெளியாகும் வரிகளையும் படத்தில் இருப்பவரிடமே காட்டி, 'உங்கள் லைனில் வேலை பார்க்கும் ஒருவர் இதைப் பார்த்தால் கண்டுபிடிப்பாரா' என்று கேட்க வேண்டும். எந்தப் புடவை தன்னுடையது என்று யாருக்குத் தெரியும், எந்த விவரம் தன்னோடு மட்டும் பொருந்தும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அவர் 'ஆம்' என்றால், மறைப்பைக் கூட்டுவதற்குப் பதில் படத்தையே கைவிட வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் போதுமானதாகத் தோன்றிய கட்டங்கள் இன்று போதவில்லை. இன்று வெளியாகும் படம் இனிவரும் கருவிகளுக்கும் கிடைக்கும். வெளியான பிறகு அதைத் திரும்பப் பெறும் வழி எந்த இதழிடமும் இல்லை.